ஆறாவது பொட்டலம்

கைப்பேசியில் எதையாவது வாங்கும்போது கார்ட்டின் தலைப்பில் ஒரு வரி வந்து நிற்கும்: ‘இன்னும் 219 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்.’ கூரியருக்கு 60 ரூபாய் கொடுக்க மனம் வராமல், 240 ரூபாய்க்கு இன்னும் இரண்டு பொருளை நாமே எடுத்துப் போட்டிருப்போம். வாங்குகிறவராக இந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. அந்த வரியை எழுதி வைத்த கடைக்காரருக்கு அதனால் என்ன நடந்தது என்பதை யோசித்திருக்க மாட்டோம். வீட்டிலிருந்தே பொடி, ஊறுகாய், சேலை, சோப்பு என்று விற்கும் பலர் இப்போது சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறார்கள். பெரிய கடைகளைப் பார்த்து அவர்களும் ‘499க்கு மேல் இலவசம்’ என்று போடுகிறார்கள். விற்பனை கூடுகிறது, பார்சல் கூடுகிறது. மாதக் கடைசியில் கையில் நிற்கும் காசு மட்டும் குறைந்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிவதில்லை.

பதில் கணக்கில் இருக்கிறது. பெரிய கணக்கில்லை, கூட்டலும் கழித்தலும்தான். விளங்கிக்கொள்வதற்காக ஒரு கடையை நாமே கற்பனையாக அமைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் ஒரு பொடிக்கடை. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என எதை எடுத்தாலும் 200 கிராம் பொட்டலம் 120 ரூபாய். மிளகாய், பருப்பு, எண்ணெய், கவர், அட்டைப்பெட்டி, ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற நிறுவனத்தின் கமிஷன் எல்லாம் போக ஒரு பொட்டலத்தில் 50 ரூபாய் மிஞ்சுகிறது. கூரியருக்கு யாராக இருந்தாலும் 60 ரூபாய் வாங்குகிறார்கள்.

கடை கூரியருக்குக் கொடுப்பது 60 ரூபாய் அல்ல. கூரியர் கட்டணம் அரை கிலோ அரை கிலோவாக ஏறும். அதை ஸ்லாப் என்பார்கள். நம் கடைக்கு முதல் அரை கிலோவுக்கு வரியோடு 50 ரூபாய், அதற்குப் பிறகு ஒவ்வொரு அரை கிலோவுக்கும் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் எடையையும் சேர்த்தால் இரண்டு பொட்டலம் அரை கிலோவுக்குள் அடங்கும், நான்கு பொட்டலம் ஒரு கிலோவுக்குள், ஆறு பொட்டலம் ஒன்றரை கிலோவுக்குள். ஆக இரண்டு பொட்டலம் அனுப்ப 50, மூன்றோ நான்கோ அனுப்ப 85, ஐந்தோ ஆறோ அனுப்ப 120, ஏழோ எட்டோ அனுப்ப 155.

மாதம் 400 ஆர்டர். இரண்டு பொட்டலம் வாங்குகிறவர்கள் 110 பேர், மூன்று வாங்குகிறவர்கள் 130, நான்கு 70, ஐந்து 40. மீதி 50 பேர் ஆறும் அதற்கு மேலும் வாங்குகிறவர்கள். அவர்களுடைய சராசரியை எட்டு என்று வைப்போம். கூட்டினால் 1,490 பொட்டலம், 1,78,800 ரூபாய் விற்பனை. ஆர்டர் ஒன்றுக்குச் சராசரி 447 ரூபாய். பொடியில் மிஞ்சியது 74,500. கூரியருக்கென்று வாங்கியது 24,000, கொடுத்தது 35,050. எல்லாம் போக மாதம் 63,450 ரூபாய் கையில் நிற்கிறது. இலவச டெலிவரி போட்டால் இந்த 63,450 கூடுமா குறையுமா என்பதுதான் கேள்வி. சராசரி பில் எவ்வளவு என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

பொதுவாகச் சொல்லப்படும் யோசனை, சராசரி பில்லுக்கு மேல் ஒரு முப்பது சதவீதம் வைத்து வரம்பைப் போடு என்பது. 447க்கு மேல் முப்பது சதவீதம் என்றால் 580 சொச்சம். அழகாக 599 என்று போட்டுவிடலாம். ஐந்து பொட்டலம் 600 ரூபாய், வரம்பைத் தொட்டுவிடும். அறிவிப்பைப் பார்த்து, நான்கு வாங்க வந்த 70 பேரில் பாதிப் பேர், அதாவது 35 பேர், ஐந்தாக்கிக்கொள்கிறார்கள். மூன்று வாங்க வந்தவர்களில் 20 பேரும் ஐந்துக்கு வருகிறார்கள். எந்தக் கடைக்கும் இது நல்ல வரவேற்புதான். மாதக் கடைசியில் விற்பனை 9,000 ரூபாய் கூடி 1,87,800. சராசரி பில் 447லிருந்து 470க்குப் போய்விட்டது.

கையில் நிற்பது 56,575. முன்பைவிட 6,875 ரூபாய் குறைவு.

எங்கே போனது? பெரும்பகுதி போனது, ஏற்கெனவே ஐந்தும் எட்டும் வாங்கிக்கொண்டிருந்த 90 பேரிடம். அவர்கள் எதையும் கூடுதலாக வாங்கவில்லை. முன்பு முணுமுணுக்காமல் கொடுத்துக்கொண்டிருந்த 60 ரூபாயை இப்போது கொடுப்பதில்லை, அவ்வளவுதான். 90 பேர், ஆளுக்கு 60, ஆக 5,400 ரூபாய். இலவச டெலிவரி போடுகிறவர்கள் அநேகமாக மறந்துவிடும் செலவு இது. அறிவிப்பைப் பார்த்துக் கூடுதலாக வாங்கியவர் கண்ணுக்குத் தெரிகிறார். எப்போதும்போல வாங்கி, கட்டணம் மட்டும் கொடுக்காமல் போனவர் தெரிவதில்லை.

இரண்டாவது இழப்பு இன்னும் விசித்திரமானது. நான்கு வாங்க வந்து ஐந்தாக்கிய 35 பேரைப் பாருங்கள். முன்பு அவர் நான்கு வாங்கினால் பொடியில் 200 ரூபாய் மிச்சம், அவர் தரும் கூரியர் கட்டணம் 60, நாம் கொடுப்பது 85, நிகரமாக 175. இப்போது ஐந்து வாங்கினால் பொடியில் 250 மிச்சம், அவர் தருவது ஒன்றுமில்லை, ஐந்தாவது பொட்டலம் பெட்டியை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிட்டதால் நாம் கொடுப்பது 120, நிகரமாக 130. கூடுதலாக ஒரு பொட்டலம் விற்று 45 ரூபாய் இழந்திருக்கிறோம். எந்த வாடிக்கையாளரை வரம்பைத் தாண்ட வைப்பது மிகவும் சுலபமோ, அவரிடம்தான் நமக்கு மிகுந்த நஷ்டம். வரம்புக்கு வெகு அருகில் நிற்பவர் தாண்டுவதற்குக் கொஞ்சம்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நாம் விட்டுக்கொடுப்பது என்னவோ முழு 60.

எனவே வரம்பு போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்றே ஒன்று: ஒருவர் எத்தனை ரூபாய்க்குக் கூடுதலாக வாங்கினால் நமக்கு நஷ்டமில்லை? விட்டுக்கொடுக்கும் 60, ஸ்லாப் ஏறினால் இன்னொரு 35, ஆக 95 ரூபாய். பொட்டலத்துக்கு மிச்சம் 50. அப்படியானால் குறைந்தது இரண்டு பொட்டலம், 240 ரூபாய்க்கு. ஒரு பொட்டலம் சேர்க்கிறவர் நமக்கு நஷ்டம், இரண்டு சேர்க்கிறவரிடம் ஐந்து ரூபாய் தேறும், மூன்று சேர்த்தால்தான் சொல்லிக்கொள்ளும்படியாக ஏதாவது இருக்கும். நூற்றுக்கு எழுபது மிஞ்சும் அழகு சாதனக் கடையில் இந்த எண் சிறியதாக இருக்கும். நூற்றுக்கு இருபது மிஞ்சும் மளிகைக் கடையில் ஒருவர் 475 ரூபாய்க்குக் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும். ஒரு கடையின் வரம்பைப் பார்த்து இன்னொரு கடை காப்பியடிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இதே கணக்கை வைத்துக்கொண்டு வரம்பை 699க்கு நகர்த்திப் பார்ப்போம். ஆறு பொட்டலம், 720 ரூபாய். எனக்கு இந்த இடம் பிடித்திருப்பதற்குக் கூரியர்தான் காரணம். ஐந்து பொட்டலம் அனுப்பினாலும் ஆறு அனுப்பினாலும் 120 ரூபாய்தான். ஐந்தாவது பொட்டலம் ஒரு புது ஸ்லாபைத் திறக்கிறது. ஆறாவது அதில் இலவசமாக ஏறிக்கொள்கிறது. வரம்பு எப்போதும் ஸ்லாபின் தொடக்கத்தில் இல்லாமல் அதன் முடிவில் இருக்க வேண்டும். எந்த விற்பனை அறிக்கையும் இதைக் காட்டாது. தராசில் பெட்டியை வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

நான்கு வாங்குகிறவர் ஆறுக்கு வந்தால் 175 போய் 180 ஆகிறது. மூன்று வாங்குகிறவர் ஆறுக்கு வந்தால் 125 போய் 180. ஐந்து வாங்குகிறவர் ஆறுக்கு வந்தால் மட்டும் 190 போய் 180, பத்து ரூபாய் குறைவு. வரம்பு உயர்ந்துவிட்டதால் தாண்டுகிறவர்கள் குறைவாகவே இருப்பார்கள். மூன்றிலிருந்து 10 பேர், நான்கிலிருந்து 25 பேர், ஐந்திலிருந்து 15 பேர் என்று வைப்போம். அவர்களால் கிடைப்பது எல்லாம் கழித்து 525 ரூபாய். முன்பிருந்தே ஆறும் எட்டும் வாங்கும் 50 பேருக்கு விட்டுக்கொடுப்பது 3,000. நிகர இழப்பு 2,475 ரூபாய்.

599ஐவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் இழப்புதான். கூடை பெரிதாவதை மட்டும் நம்பி இந்த 3,000 ரூபாயை எடுக்க வேண்டுமானால் மூன்று பொட்டலக்காரர்களில் 55 பேர் இரட்டிப்பாக வாங்க வேண்டும். அது நடக்காது. அப்படியானால் இழப்பை ஈடுகட்டுவது எது? கட்டணத்தைப் பார்த்துவிட்டு வாங்காமலே திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்கள். இலவசம் என்றதும் அப்படி ஒருவர் தங்கி ஆறு பொட்டலம் வாங்கினால் 180 ரூபாய் புதிதாகக் கிடைக்கிறது. 14 பேர் போதும், 2,520 ரூபாய் வந்துவிடும். 400 ஆர்டர் வரும் கடைக்கு மாதம் 14 புது ஆர்டர் என்பது எட்டாத உயரம் அல்ல. நம் கடையைப் போல மிச்சம் குறைவாக உள்ள இடங்களில், இலவச டெலிவரி தன் செலவைத் தானே எடுத்தால் அது பெரும்பாலும் இந்த வழியில்தான். கூடை பெரிதாவது அதற்குத் துணை, அவ்வளவே.

முழுக்க இலவசம் என்று போகாமல் 60ஐ 20 ஆக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. நடத்தைப் பொருளியல் பேராசிரியர் டான் அரியலி ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அமேசான் பல நாடுகளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் டெலிவரியை இலவசமாக்கியபோது விற்பனை ஏறியது. பிரான்சில் மட்டும் ஏறவில்லை. விசாரித்தால் அங்கே இலவசத்துக்குப் பதிலாக ஒரு பிராங்க் என்று வைத்திருந்தார்கள். ஒரு பிராங்க் என்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத காசு. அதையும் நீக்கியதும் அங்கேயும் விற்பனை ஏறியது. 2007இல் அவரும் இரண்டு ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனையிலும் இதேதான். உயர்ந்த ரக சாக்லேட் 15 சென்ட், சாதாரண சாக்லேட் 1 சென்ட் என்று வைத்தபோது வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் உயர்ந்த ரகத்தை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்து 14, இலவசம் என்று வைத்ததும் 69 சதவீதம் பேர் சாதாரண சாக்லேட்டுக்குப் போய்விட்டார்கள். விலை வித்தியாசம் அதே 14 சென்ட்தான். 60ஐ 20 ஆக்கினால் 40 ரூபாயை இழப்போம், அந்தப் பதினான்கு பேர் வராமல் போகலாம்.

அமேசானே தன் வரம்பைத் தேடிக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் 2002இன் தொடக்கத்தில் 99 டாலருக்கு மேல் இலவசம் என்றார்கள். அதே ஆண்டில் 49 ஆக்கினார்கள், பிறகு 25. பதினோரு ஆண்டு கழித்து 2013இல் 35 ஆக உயர்த்தினார்கள். 2016இல் 49, 2017இல் மறுபடி 35, சில மாதங்களில் மறுபடி 25. ஒருமுறை போட்டால் கல்வெட்டு என்று அவர்கள் நினைக்கவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இலவசமாக அனுப்பும் பார்சல் கட்டணம் கொடுத்த பார்சலைவிடத் தாமதமாகத்தான் போகும் என்பது அந்தச் சலுகையின் நிபந்தனை. அவசரமில்லாதவருக்கு இலவசம், அவசரமுள்ளவரிடம் கட்டணம். இட்லிப் பொடிக்கு என்ன அவசரம்? நம் திண்டுக்கல் கடையும் இலவச ஆர்டர்களை மட்டும் தரைவழிச் சேவையில் அனுப்பி, ‘வந்து சேர ஐந்து நாள் ஆகும்’ என்று முன்னதாகவே சொல்லிவிடலாம்.

கடையின் கையில் இன்னொரு வழியும் இருக்கிறது: கூடையை நிரப்பும் பொருள் எது என்பது. 600 ரூபாய்க்கு வாங்கியவருக்கு வரம்பைத் தொட இன்னும் 99 ரூபாய் வேண்டும். அந்த இடத்தில் கடை இன்னொரு பொடியைக் காட்டினால் பத்து ரூபாய் இழப்பு என்று பார்த்தோம். பதிலாக 50 கிராம் மணத்தக்காளி வற்றல், விலை 100, அதில் மிஞ்சுவது 65 என்று ஒரு பொருளைக் காட்டினால்? 700 ரூபாய் ஆகிவிடும்; நிகரமாக 195. இழப்பு போய் ஐந்து ரூபாய் லாபம். நான்கு பொடிக்காரர் ஒரு பொடியும் ஒரு வற்றலும் சேர்த்தால் 175 போய் 195. எடை குறைந்து, மிச்சம் கூடுதலாக, கெட்டுப்போகாததாக இருக்கும் பொருளே கூடை நிரப்ப ஏற்றது. முறுக்கும் அப்பளமும் அப்படி இல்லை. எடை குறைவுதான், ஆனால் இடத்தை அடைக்கும். கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, வழக்கமாக 5,000ஆல் வகுத்து, வருவது உண்மையான எடையைவிடப் பெரிதாக இருந்தால் அதற்கே பணம் வாங்குவார். 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 3 கிலோ கணக்கு. உள்ளே இருப்பது ஒன்றேகால் கிலோவாக இருந்தாலும் சரி.

பணம் கைக்கு வந்த ஆர்டருக்கு மட்டுமே இலவசம் என்று வைப்பதும் அவசியம். பார்சல் வாசலுக்கு வந்த பிறகு பணம் தருகிறேன் என்றவர் வாங்க மறுத்தால், போக 120, திரும்பி வரவும் ஏறக்குறைய அவ்வளவே. ஆறு பொட்டல ஆர்டர் ஒன்றில் நமக்குத் தேறுவதே 180தான். அப்படித் திரும்பும் ஒரு பார்சல் ஒழுங்காகப் போன ஒரு பார்சலின் லாபத்தை முழுக்க எடுத்துக்கொண்டு, அடுத்ததிலும் கை வைக்கும். பயணம் போய் வந்த பொடியை மறுபடி விற்கவும் மனம் வராது.

இவ்வளவும் செய்த பிறகு 14 பேர் உண்மையிலேயே வந்தார்களா என்று எப்படித் தெரியும்? போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். இடையில் தீபாவளி வந்திருக்கும், இல்லாவிட்டால் ஆடித் தள்ளுபடி. ஒரு வாரம் சலுகை, மறு வாரம் இல்லை என்று மாற்றி மாற்றி வைப்பது மேல். அதிலும் சம்பள வாரம் எப்போதும் ஒரே பக்கம் விழுந்துவிடாமல், அடுத்த மாதம் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஒவ்வொரு வாரமும் எத்தனை பேர் கடைக்குள் வந்தார்கள் என்பதை எடுத்து, வந்த நூறு பேருக்குக் கையில் எத்தனை ரூபாய் நின்றது என்று பார்க்க வேண்டும். சராசரி பில்லைப் பார்க்கவே வேண்டாம். கட்டணத்தைக் கண்டு இரண்டு பொட்டலக்காரர்கள் வராமல் போனாலும் சராசரி ஏறும். கடை தேய்வதும் அதே எண்ணில் வளர்ச்சியாகத் தெரியும்.

அப்போதும் ஒரு மாதத்தில் முடிவு சொல்ல முடியாது. மாதம் 400 ஆர்டர் வரும் கடையில் எந்தக் காரணமும் இல்லாமலே ஒரு மாதம் 380, ஒரு மாதம் 420 என்று வரும். 14 ஆர்டர் அந்த அலைச்சலுக்குள் மறைந்துவிடும். மூன்று நான்கு மாதம் பொறுத்தால்தான் ஓரளவு தெளியும். அதற்கு முன்னால் நம்பிப் பார்க்கக்கூடிய தடயம் ஒன்று உண்டு. ஆர்டர்களைப் பொட்டல எண்ணிக்கைப்படி அடுக்கிப் பாருங்கள். சலுகை வேலை செய்தால் ஆறில் ஒரு மேடு எழும்பும், நான்கிலும் ஐந்திலும் பள்ளம் விழும். மேடே எழும்பாமல், எட்டு வாங்குகிறவர்கள் மட்டும் எப்போதும்போல வந்துகொண்டிருந்தால் அவர்களுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

மேடு எழும்பினாலும் அதில் யார் நிற்கிறார்கள் என்று போன் நம்பரை வைத்துப் பார்த்துவிட வேண்டும். மாதம் இருமுறை மும்மூன்று பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் இப்போது மாதம் ஒருமுறை ஆறாக வாங்குகிறார் என்று வையுங்கள். அவருடைய பில் இரண்டு மடங்காகிவிட்டது. அவர் சாப்பிடும் பொடி அதேதான். முன்பு இரண்டு ஆர்டரிலும் சேர்த்து 250 ரூபாய் நின்றது, இப்போது 180. ஒரு பார்சல் குறைந்ததில் 50 ரூபாய் மிச்சம், விட்டுக்கொடுத்த கட்டணம் 120. இப்படிப்பட்டவர்கள்தான் கடையின் நிரந்தர வாடிக்கையாளர்கள். சலுகையை எல்லோருக்கும் முன்னால் கவனிக்கிறவர்களும் அவர்களே. ஆகவே ஒருவருடைய ஒரு பில்லை விட்டுவிட்டு, அதே நம்பரிலிருந்து மூன்று மாதத்தில் வந்த எல்லா ஆர்டரையும் கூட்டி, சலுகைக்கு முந்தைய மூன்று மாதத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐம்பது பேரை அப்படிப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும். மேட்டில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் பழைய நம்பராக, மொத்தப் பொட்டலம் கூடாதவர்களாக இருந்தால், 699ஐ எடுத்துவிட்டு 899ஐப் போட்டு, எட்டுப் பொட்டலம் இரண்டு கிலோவுக்குள் அடங்குகிறதா என்று முதலில் பெட்டியைத் தராசில் வைக்கலாம்.